பாஞ்சாலி ஆள் வைத்த கதை

பெங்களூர் மர்பி டவுனில் பாஞ்சாலியிடம் சில்லறை கொடுத்தால், ஒவ்வொரு காசையும் கல்லில் தட்டி, ஓசை சரியாக வருகிறதா என்று கேட்ட பிறகுதான் முந்தானையில் முடிந்துகொள்வாள். மீன்காரி நிறுத்துக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டு வந்து தன் தராசில் இன்னொரு தரம் நிறுப்பாள். புருஷன் இளங்கோவன் இதைப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்கு என்ன, ஃபாக்டரியில் மாதம் பிறந்தால் கவரில் போட்டுச் சம்பளம் கொடுத்துவிடுகிறார்கள். பாஞ்சாலி அப்படி வளர்ந்தவள் அல்ல.

பாவாடை கட்டிய வயதிலேயே அவள் அல்சூர் பக்கத்தில் ஓர் ஊதுவத்திக் கம்பெனியில் வத்தி உருட்டப் போனாள். ஆயிரம் வத்திக்கு இவ்வளவு என்று கூலி. சாயந்திரம் மேஸ்திரி வந்து கட்டைப் பிரித்துப் பார்த்து, வளைந்தது, பருத்தது, நுனி விட்டது என்று கைநிறைய எடுத்து ஒதுக்குவான். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. ஒருநாள் அவள் கோயில் வாசல் கடையில் கற்பூரம் வாங்கப் போனபோது, அங்கே தான் உருட்டிய வத்தி விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தாள். தன் விரல் பட்ட வத்தி தனக்குத் தெரியாதா? மேஸ்திரி கழிவு என்று எடுத்ததெல்லாம் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று தொட்டு அவளுக்கு எதையும் நேராக நம்ப வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே சொந்தமாக வத்தி போட ஆரம்பித்தாள். ஓர் அறை, அதற்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு, அவ்வளவுதான் வீடு. சாய்ப்பில் உட்கார்ந்து கரித்தூளும் பசைப்பொடியும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூங்கில் குச்சியைப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் மாவை ஏற்றுவாள். அதில் அவள் கலக்கும் வாசனைப் பொடிதான் வியாபாரத்தின் உயிர். மருக்கொழுந்து, வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, இன்னும் இரண்டு சாமான்கள். எதை எவ்வளவு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இளங்கோவனுக்கும் தெரியாது. பல தடவை பாழாக்கி, சில தடவை தும்மி, கடைசியில் கைக்கு வந்த கலவை அது. பஜாரில் நாலைந்து கடைக்காரர்கள் அவள் வத்தியைக் கேட்டு வாங்கினார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால், அல்சூர் பஜாரில் பெரிய கடை வைத்திருந்த சுப்ரமணியன் செட்டியார் அவளைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ஃபாக்டரிக்காரர்கள் எல்லாரும் மொத்தமாக வாங்குவார்கள், உன்னால் வழக்கத்தைப் போல் மூன்று பங்கு கொடுக்க முடியுமா என்று கேட்டார். பாஞ்சாலி முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் தனக்கு இரண்டு கைதான் என்பது உறைத்தது.

அப்படித்தான் அவள் முதன்முதலாக ஓர் ஆளைத் தேடினாள். பக்கத்து வீட்டு பிரிஜெட், பங்களாவில் ஆயா வேலை பார்ப்பவள், ஜோகுபாளையத்திலிருந்து சந்திரம்மா என்று ஒருத்தியை அனுப்பிவைத்தாள்.

சந்திரம்மா பாஞ்சாலியை விட நாலைந்து வயது மூத்தவள். ஒல்லியான உடம்பு. கட்டைவிரலுக்குக் கீழே கரி ஏறிக் காய்த்திருந்தது. பாஞ்சாலி முகத்தைப் பார்க்கும் முன் அந்தக் கையைத்தான் பார்த்தாள். இது வத்தி உருட்டிய கை. எங்கே உருட்டினாய் என்று கேட்டாள். சந்திரம்மா கம்பெனியின் பெயரைச் சொன்னாள். பாஞ்சாலி சிறு வயதில் உருட்டிய அதே கம்பெனி. ஏன் விட்டாய் என்றதற்கு, அங்கே காலையில் போனால் விளக்கு வைக்கும் வரை விடமாட்டார்கள், தனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றாள். புருஷன் கிருஷ்ணப்பாவுக்கு மில்லில் இரண்டாவது ஷிஃப்ட். அவன் இருக்கும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வான். அவன் கிளம்பும் முன், இரண்டு மணிக்குள், அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால் காலை ஒன்பதுக்கு வந்தால் ஒன்றரைக்குப் போய்விடுவாள்.

இதுவரை சரி. பிறகு சந்திரம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கூலி நாளுக்கா, ஆயிரத்துக்கா? கொடுப்பது தினமா, வாரமா? ஒடிந்த குச்சி யார் கணக்கு? மழை பெய்து வத்தி காயாவிட்டால் என்ன செய்வது? உருட்டுவது மட்டுமா, வேறு வேலையும் உண்டா?

வேலைக்கு வருகிறவள் இத்தனை கேள்வி கேட்டு பாஞ்சாலி பார்த்ததில்லை. ஒன்றும் தெரியாதவள் போல் வந்து எல்லாம் தெரிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. இவள் எல்லாம் தெரிந்தவள் போலவே வருகிறாள், இது இன்னும் மோசமாக இருக்குமோ என்று யோசித்தாள். மதியச் சாப்பாடு போடுகிறேன், நாளுக்கு ஆறணா தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள்.

"சாப்பாடு வேணாம்மா," என்றாள் சந்திரம்மா. "வூட்ல போய்த் துன்னுக்குறேன். கூலிய மட்டும் சொல்லுங்க."

சோற்றை வேண்டாம் என்கிறவளை எப்படி நம்புவது? பாஞ்சாலி, நாள் கூலி என்றால் கை சும்மா இருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும், உருட்டினதுக்கு மட்டும் கொடுத்தால் நஷ்டம் வராது என்று கணக்குப் போட்டு, கம்பெனியைப் போலவே ஆயிரத்துக்கு எட்டணா, சனிக்கிழமை சனிக்கிழமை கூலி என்றாள்.

சந்திரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "ஆயிரத்துக்குன்னா எனக்கும் சரிதான். ஆனா மாவு கைக்கு வந்துகினே இருக்கணும். மாவு இல்லாம ஒக்காந்தா எனக்குத்தான் நஷ்டம்."

வரும் என்று பாஞ்சாலி ஒப்புக்கொண்டாள். வேலை உருட்டுவதும், உருட்டியதைத் தட்டில் பரப்பிக் காய வைப்பதும் மட்டும். மழையைப் பற்றியும் ஒடிந்த குச்சியைப் பற்றியும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே பாஞ்சாலிக்கு ஒரு சங்கடம் வந்தது. அவள் காலையில் எழுந்து, குழாயடிக்குப் போய், சமைத்து, இளங்கோவனை அனுப்பிவிட்டு நிமிர்வதற்கும் சந்திரம்மா வருவதற்கும் சரியாக இருந்தது. இனிமேல்தான் மாவு பிசைய வேண்டும். பிசைவதென்றால் வாசனைப் பொடி அளக்க வேண்டும். அளப்பதை இவள் பார்த்துவிட்டால்? பாஞ்சாலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாய்ப்பில் சந்திரம்மா வெறும் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாஞ்சாலி அவசரப்படவில்லை. ஒவ்வொரு பொடியையும் அளந்து, சலித்து, கலந்து, பிசைந்து கொண்டு வர நேரம் ஆயிற்று. அந்த மாவு தீர்ந்ததும் மறுபடியும் கதவைச் சாத்தினாள். தினமும் இப்படியே நடந்தது.

சந்திரம்மாவின் கை வேகமான கை. மாவு வந்துவிட்டால் பலகையிலிருந்து பார்வையை எடுக்கமாட்டாள். ஆனாலும் பாஞ்சாலிக்கு மனசு ஆறவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாளோ? கம்பெனிக்காரன்தான் அனுப்பியிருப்பானோ? சந்திரம்மா போன பிறகு, அன்றைய வத்தியைத் தனியாக உட்கார்ந்து எண்ணுவாள். வளைந்தது, பருத்தது எல்லாம் எடுத்து ஒதுக்குவாள். சந்திரம்மா சொன்ன எண்ணிக்கைக்கு எப்போதும் கொஞ்சம் குறையும். குறைவதைக் கூலியில் கழித்தாள். தான் செய்வதும் அந்த மேஸ்திரி செய்த அதே காரியம்தான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அல்லது தோன்றியும் ஓரமாக வைத்துவிட்டாளோ என்னவோ.

சனிக்கிழமை கூலியைக் கொடுத்தபோது சந்திரம்மா அதை இரண்டு தரம் எண்ணினாள். கம்பெனியில் அதே அரை நாள் கணக்கில் ஒரு வாரத்துக்கு வருவதை விடவும் குறைவு. எண்ணி முடித்து, முடிந்துகொண்டு, வரேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு சண்டை போட்டிருந்தாலாவது பாஞ்சாலிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவ்வளவு குறைந்த கூலிக்கு வாயைத் திறக்காமல் ஒருத்தி ஏன் வர வேண்டும்? அவளுக்கு வேறு எங்கிருந்தோ வருகிறது, அதனால்தான்.

அடுத்த வாரம் ஒரு காலையில், கதவைச் சாத்தப் போன பாஞ்சாலிக்குக் குழாயில் மறுபடியும் தண்ணீர் விட்டிருப்பது காதில் விழுந்தது. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், இரண்டு குடம் பிடித்து வா என்று சந்திரம்மாவிடம் சொன்னாள். சந்திரம்மா போனாள். இரண்டு குடம் கொண்டு வந்து வைத்தாள். மறுநாளும் சொன்னபோது எழுந்திருக்கவில்லை.

"அது பேசுன வேல இல்லம்மா," என்றாள். "நேத்து எடுத்தேன், போனா போவுதுன்னு. தெனம் எடுத்தா அது என் வேலையா ஆயிடும். ஒவ்வொரு வூட்லயும் அப்பிடித்தான் ஆவுது."

குரலில் கோபம் இல்லை. பாஞ்சாலிக்குத்தான் முகம் சிவந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு ராங்கியா என்று முனகிக்கொண்டே தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று முதல் வாசனைப் பொடி டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போதெல்லாம், மூடியின் மேல் ஒரு நூல் இழையை ஒட்டி வைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி திறக்கப் போனபோது இழை கீழே கிடந்தது. பெட்டிச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருப்பதில்லை, மாடத்தில் இருக்கும். யார் எடுத்தார்கள்? அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பிரிஜெட் வந்து, ஒரு விஷயம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே என்று ஆரம்பித்தாள். பங்களாப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும் வழியில், சந்திரம்மா அந்தக் கம்பெனியின் பின்கேட் வழியாக உள்ளே போவதைப் பார்த்தாளாம். ஒருநாள் இல்லை, இரண்டு மூன்று நாள். பிள்ளையைப் பார்க்க இரண்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னவளாயிற்றே.

பாஞ்சாலி நினைத்தது சரியாகிவிட்டது. அதில் ஒரு திருப்தி கூட இருந்தது. மறுநாள் சந்திரம்மா கிளம்பியதும், உலையில் போட வைத்திருந்த அரிசியை அப்படியே மூடி வைத்துவிட்டு, சேலையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். சந்திரம்மா முதலில் ஜோகுபாளையத்துச் சந்துக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணப்பா சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்து மில்லுக்குப் போனான். பிறகு சந்திரம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஏரிப் பக்கமாக நடந்து கம்பெனிப் பின்கேட்டுக்குள் நுழைந்தாள்.

பாஞ்சாலி எதிர்ப்பக்கம் ஒரு பூவரச மரத்தடியில் நின்றாள். உள்ளே என்ன சொல்கிறாள், எந்தப் பொடியின் பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மா வெளியே வந்தபோது தலையில் ஒரு பெரிய கட்டு இருந்தது. மூங்கில் குச்சிக் கட்டு. கையில் கனமான ஒரு பை, அதன் அடியில் கரி கசிந்திருந்தது. இடுப்பில் பிள்ளை தூங்கி விழுந்துகொண்டிருந்தது. மூன்றையும் சமாளித்துக்கொண்டு அவள் மெல்ல நடந்தாள்.

கம்பெனிக்காரர்கள் வீட்டில் உருட்ட மாவும் குச்சியும் கொடுப்பது பாஞ்சாலிக்குத் தெரியாததல்ல. ஆனால் கோபம் ஏறிய மண்டையில் அது ஏறவில்லை. மறுநாள் சந்திரம்மா வந்து உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள்.

"நேத்து மத்தியானம் எங்க போன?"

சந்திரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வந்தது தெரிந்துவிட்டது போல ஒரு பார்வை. "கம்பெனிக்கு. குச்சி எடுக்க. ஏம்மா?"

"எங்கிட்ட வேல செஞ்சிக்கினு அங்க இன்னா வேல?"

"ஒங்ககிட்ட ஒன்றரை வரைக்குந்தான் வேல. அப்புறம் நான் எங்க போனா ஒங்களுக்கு இன்னா?" சொல்லிவிட்டு அவள் அறைக் கதவைக் காட்டினாள். "இங்க வர்றதுல பாதி நேரம் கதவப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். மாவு வந்துகினே இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க? இங்க கொறயறத அங்க எடுத்து ராவெல்லாம் உருட்டறேன்."

பாஞ்சாலி விடவில்லை. அங்கே என் கலவையைப் பற்றிக் கேட்டார்களா என்றாள்.

"கேட்டாங்க," என்றாள் சந்திரம்மா. "மேஸ்திரி கேட்டான். தெரியாதுன்னேன். தெரியாதுதான? நீங்கதான் காட்டவே இல்லியே."

அது நிஜமா பொய்யா என்று பாஞ்சாலிக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. டப்பா திறந்திருந்ததைச் சொன்னாள். சந்திரம்மா எழுந்து, முந்தானையை உதறினாள். இந்த வாரம் உருட்டினதுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள், நான் இனி வரவில்லை என்றாள். பாஞ்சாலி கொடுத்தாள். அன்று அவள் எதையும் கழிக்கவில்லை, ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு அதிக நாள் இல்லை. வானம் வேறு மூடிக்கொண்டு, பெங்களூருக்கே உரிய அந்தப் பிசுபிசுப்பான தூறல் விடாமல் பிடித்துக்கொண்டது. பாஞ்சாலி தனியாக உருட்டினாள். தோள்பட்டை இறங்கிப்போயிற்று. செட்டியாரின் கடைப் பையன் வந்து, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனான்.

இளங்கோவன் அன்று வழக்கத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தான். ஃபாக்டரியில் இரும்பு வரவில்லையாம், கேட்டிலேயே அவனையும் இன்னும் பல பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுச் சட்டப்படி அப்படி அனுப்பினால் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதையும் யூனியன் போய்க் கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று புலம்பினான். இரும்பு வராததற்கு அவன் என்ன செய்வான், வேலைக்கு வந்து நின்றவனுக்கு முழுச் சம்பளம்தானே கொடுக்க வேண்டும் என்று பாஞ்சாலி அவனுக்காகப் பரிந்து பேசினாள். அவன் பீடி பற்றவைக்க மாடத்தைத் துழாவினான்.

"நெருப்புப்பெட்டி எங்கடி வச்ச? அன்னிக்கும் இப்பிடித்தான், ஒன் பொடிப் பெட்டிய வேற தொறந்து தேட வேண்டியதாப் போச்சு."

பாஞ்சாலியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. என்றைக்கு என்று கேட்டாள். அவனுக்கு நாள் நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

அவள் உட்கார்ந்து அந்த மாவைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தாள். ஆனால் உருட்டும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். வெறும் பலகைக்கு முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தது யாருடைய நேரம்? கதவைச் சாத்தியது இவள். எண்ணியது இவள் மட்டும். ஒதுக்கியது இவள் மட்டும். ஒதுக்கிய வத்தியை எறிந்தாளா? இல்லை, உதிரி வத்தி என்று அரை விலைக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தாள்.

இதையெல்லாம் நினைத்தும் சந்திரம்மாவை அவள் முழுசாக நம்பிவிடவில்லை. மேஸ்திரி கேட்டான் என்று அவளே சொன்னாள், இன்னொரு தரம் கேட்பான், அப்போது என்ன சொல்வாள்? நம்பாமலேயே ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அவள் யோசனை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. வாசனைப் பொடியை மாவோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? முதல் நாள் சாயந்திரமே உலர்ந்த பொடியாகக் கலந்து, சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பூட்டி வைத்துவிடலாம். ஒரு படிக் கரித்தூளுக்கு ஒரு பொட்டலம். காலையில் சந்திரம்மாவே கரித்தூளும் பசைப்பொடியும் பிசைந்து, பொட்டலத்தைக் கொட்டிக் கலந்துகொண்டால் போதும். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, கதவையும் சாத்த வேண்டாம்.

மறுநாள் காலையிலேயே ஜோகுபாளையத்துக்குப் போனாள். கிருஷ்ணப்பா வாசலில் பிள்ளைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தான். அவளை உள்ளே வரச் சொன்னான். சந்திரம்மா கம்பெனி மாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. பாஞ்சாலி தானே பலகைக்கு எதிரில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தது என் வூட்டுக்காரர்தான் என்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வரவில்லை, அதனால் சொல்லவில்லை. திரும்ப வருகிறாயா என்று கேட்டாள்.

சந்திரம்மா உடனே வருகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ, ஏன் வர வேண்டும் என்று கேட்டாள். பழைய பேச்சுக்கு வரமாட்டாள். இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகுதான் வருவாள், அதுவும் தன் புருஷன் முன்னால். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கேட்டவன் ஒருவன் வேண்டும்.

பாஞ்சாலிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

மாவுக்குக் காத்திருக்கும் பேச்சே இனி கிடையாது என்று பொட்டல ஏற்பாட்டைச் சொன்னாள். சந்திரம்மா ஒப்புக்கொண்டாள், ஆனாலும் கூலியை மாற்ற வேண்டும் என்றாள். ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை தான் வந்து உட்கார்ந்தாலே எட்டணா, அதில் முதல் ஆயிரம் அடங்கும். அதற்கு மேல் உருட்டுவதற்கு அதே கணக்கில் தனியாக. குச்சி தீர்ந்துபோனாலும் கரி வராவிட்டாலும் அந்த எட்டணா போகக்கூடாது. பாஞ்சாலி மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். சந்திரம்மாவின் கைக்கு ஆயிரம் எப்படியும் தாண்டும். மாவு தடையில்லாமல் இருந்தால் நஷ்டம் இல்லை. சரி என்றாள். ஆனால் ஒருநாள் ஆயிரத்துக்குக் குறைந்தால், அது சரக்கு இல்லாததாலா, கை மெத்தனத்தாலா என்று இரண்டு பேரும் பேசித் தீர்க்க வேண்டும் என்றாள். சந்திரம்மாவும் சரி என்றாள்.

மழையைப் பற்றி இழுபறியாயிற்று. காய்கிற இடம் இல்லாவிட்டால் உருட்டி என்ன பயன் என்றாள் பாஞ்சாலி. வந்து நின்றவளைத் திருப்பி அனுப்பினால் கூலி கொடு என்றாள் சந்திரம்மா. பேச்சில் இதுவரை கலந்துகொள்ளாத கிருஷ்ணப்பா, மில்லில் அப்படியான நாளில் வேறு வேலை கொடுப்பார்கள் என்றான். அதைப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலி, மழை நாளில் காய்ந்த வத்தியை எண்ணிக் காகிதப் பையில் போட்டு ஒட்டலாம், அதே எட்டணா என்றாள். வர வேண்டாம் என்றால் பாஞ்சாலி முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் கூலி இல்லை. தண்ணீர்க் குடம் எந்த நாளும் இல்லை. இதைச் சந்திரம்மா கேட்கும் முன் பாஞ்சாலியே சொன்னாள்.

வத்தியை எண்ணுவது, சந்திரம்மா கிளம்பும் முன் இரண்டு பேரும் சேர்ந்து. ஒதுக்குவதும் அப்போதே, கண் முன்னால். கை தவறிப் பருத்தது சந்திரம்மா கணக்கு, குச்சியே சொத்தையாக இருந்து ஒடிந்தது பாஞ்சாலி கணக்கு.

கடைசியாகப் பாஞ்சாலி கேட்டது கம்பெனியைப் பற்றி. ஒன்றரைக்கு மேல் உன் நேரம் உன்னுடையது, அங்கே குச்சி எடுப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் என் மாவு ஒரு துளி அந்தப் பக்கம் போகக்கூடாது என்றாள். பொட்டலத்தைப் பூட்டித்தான் வைப்பேன், நீ வந்ததும் எடுத்துத் தருவேன், தப்பாக நினைக்காதே என்றாள்.

"பூட்டுங்க," என்றாள் சந்திரம்மா. "பூட்டி சாவிய ஒங்க இடுப்புலயே வச்சிக்குங்க. நாளைக்கு எதுனா காணம்னா என்னச் சொல்ல முடியாதில்ல."

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். நட்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. சந்தையில் ஒரே தராசுக்கு இரு பக்கமும் நிற்கிற இரண்டு பேர், முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார்களே, அப்படி.

சந்திரம்மா மறுநாள் வந்தாள். வாரக் கடைசியில் அவள் வாங்கிய கூலி, கம்பெனிக் குச்சி எடுக்காமலேயே போதும் என்கிற அளவுக்கு வந்தது. அவள் உடனே கம்பெனியை விட்டுவிடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் எடுத்துப் பார்த்தாள், இந்த ஏற்பாடு ஆயுத பூஜையோடு முடிந்துவிடுமோ என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. மழை ஒருநாள் கொட்டித் தீர்த்தது. அன்று அவள் பை ஒட்டினாள், எட்டணாவுக்கு. பாஞ்சாலி கொடுக்கும்போது அவள் எண்ணினாள், எண்ணும்போது பாஞ்சாலியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செட்டியாருக்குச் சொன்னபடி சரக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தீபாவளிக்கும் கேட்டார். பாஞ்சாலி அவரிடம் உடனே முடியும் என்று சொல்லாமல், என் ஆளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. அன்று சந்திரம்மாவிடம், தீபாவளிக்கு இன்னும் ஒருத்தி தேவைப்படும், உனக்குத் தெரிந்த கை யாராவது உண்டா என்று கேட்டாள். சந்திரம்மா, தன் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், கை நல்ல கை, ஆனால் வாய் கொஞ்சம் அதிகம் என்றாள்.

வரச் சொல் என்றாள் பாஞ்சாலி. நிறையக் கேள்வி கேட்பாளா என்று விசாரித்தாள். கேட்பாள் என்றாள் சந்திரம்மா. அப்படியானால் காலையில் வரச் சொல், நிதானமாக உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிவிட்டு பாஞ்சாலி தட்டிலிருந்த வத்தியைத் திருப்பிப் போட எழுந்தாள்.